மூன்றில் ஐந்து கழியுமோ?

ஐந்திலிருந்து மூன்றைக் கழித்தால் எஞ்சுவது இரண்டு என்பதை அறியாதார் இலர். மூன்றிலிருந்து ஐந்தைக் கழி என்றாலோ, சிறு பிள்ளை "கழியாது" என்று விடையிறுத்துவிடும். சில ஆண்டுகள் கழித்து அதே பிள்ளை மேல் வகுப்பில் அமர்ந்து, "குறை இரண்டு" என்று தயக்கமின்றி எழுதும். இவ்விரு விடைகளுக்கும் இடையில் நடந்தது என்ன? கழியாதது எங்ஙனம் கழிந்தது? ஒரு சிறு கோட்டை எண்ணின் முன்னே இட்டமாத்திரத்தில் இல்லாத பொருள் உண்டாகிவிடுமா? இவ்வினாவை எழுப்பாமலே நம்மிற் பெரும்பாலோர் கணிதத்தில் நெடுந்தூரம் சென்றுவிடுகிறோம். கல்லூரி வகுப்பிலே இதற்கு விடை கூறப்படும்பொழுது, அவ்விடை வினாவைக் காட்டிலும் விந்தையாகத் தோன்றுகிறபடியால், அதனை மனப்பாடம் செய்து தேர்வெழுதி மறந்துவிடுகிறவர்களும் உண்டு. ஆகவே அதனைச் சற்று நின்று நிதானித்து ஆராய்வோம்.

குறை எண்களைக் கண்டு மருண்டவர்கள் சிறு பிள்ளைகள் மட்டுமல்லர். அலெக்ஸாந்திரியா நகரத்துக் கணிதப் பேராசான் தயோபாந்தர், ஓர் எண்ணின் நான்கு மடங்கோடு இருபதைக் கூட்டினால் நான்கு வரும் என்னும் சமன்பாட்டைப் பொருத்தமற்றதென்று ஒதுக்கினார். அதன் விடை குறை நான்கு ஆதலின். நம் நாட்டில் பிரம்மகுப்தர் 628-ஆம் ஆண்டில் இயற்றிய நூலிலே, தனம் என்றும் ருணம் என்றும், அஃதாவது செல்வம் என்றும் கடன் என்றும் எண்களை இருபாற்படுத்தி, அவற்றைக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் விதிகள் வகுத்துவிட்டார். அதற்குப் பின்னும் பதினொரு நூற்றாண்டு கழித்து, 1758-ஆம் ஆண்டில், பிரான்ஸிஸ் மஸரீஸ் என்னும் ஆங்கிலேயர் குறைக்குறியின் உபயோகத்தைக் கண்டித்து ஒரு தனி நூலே எழுதினார். அவருடைய மனக்குறை முற்றும் பொருளற்றதன்று. விதிகள் நன்கு நடைபெறுகின்றன என்பது ஒன்று. அவ்விதிகளுக்கு உட்படும் பொருள் யாது என்பது வேறொன்று. இரண்டாவது வினாவிற்கு விடை, கணக்கப்பிள்ளையின் பேரேட்டிலேயே மறைந்து கிடந்தது என்று சொன்னால் மிகையாகாது.

கடைக்காரர் ஒருவர் தம் வாடிக்கைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிப் பற்று வரவு எழுதுகிறார். வாடிக்கைக்காரர் செலுத்திய தொகை வரவு. வாங்கிச் சென்ற சரக்கின் விலை பற்று. ஒருவர் பக்கத்தில் வரவு 2 ரூபாய், பற்று 5 ரூபாய் இருக்கிறது. மற்றொருவர் பக்கத்தில் வரவு 7, பற்று 10. பக்கங்கள் வேறு, புள்ளிகள் வேறு; ஆயினும் இருவர் நிலைமையும் ஒன்றே. இருவரும் மூன்று ரூபாய் பாக்கிதாரர். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேரேட்டின் எவ்விடத்தும் குறை எண் எழுதப்படவில்லை. எழுதப்பட்டவை யாவும் சாதாரண எண்களே. "மூன்று குறைவு" என்னும் செய்தி தனியோர் எண்ணில் இல்லை. இரண்டு எண்கள் அடுத்தடுத்து நிற்கும் நிலையில் இருக்கிறது.

இதனையே கணிதர் கையாளுகின்றனர். 0, 1, 2, 3 என்று எண்ணிக்கொண்டே போகும் இயல் எண்களை மட்டும் நாம் பெற்றிருக்கிறோம் என்று கொள்வோம். (1-லிருந்து தொடங்குவாரும் உளர், அதனால் பெரிய வேற்றுமை விளையாது.) அவற்றைக் கூட்டத் தெரியும், கழித்தல் எப்பொழுதும் இயலாது. இவ்வெண்களை இரண்டிரண்டாக, முன்னது பின்னது என்னும் ஒழுங்கு மாறாமல் சேர்த்து, ஜோடிகள் அமைப்போம். பொதுவாகப் பேசும்பொழுது ஒரு ஜோடியை (அ, ஆ) என்றும், மற்றொன்றை (இ, ஈ) என்றும் குறிப்போம். குறில் வரவையும், அதன் நெடில் பற்றையும் குறிக்கும் என்று நினைவில் வைத்தால் பின்னால் மயக்கம் நேராது.

இனி, எந்த ஜோடிகள் ஒரே நிலைமையைக் காட்டுவன? "இரண்டிலும் வரவிலிருந்து பற்றைக் கழித்தால் ஒரே விடை வரவேண்டும்" என்று உடனே சொல்லத் தோன்றும். இந்த இடத்திலேதான் மாணவர் பலர் வழுக்கி விழுகின்றனர். கழித்தல் என்பது இன்னும் நம் கையில் இல்லை. அதனைச் சம்பாதிப்பதற்கே புறப்பட்டிருக்கிறோம். இல்லாததைக் கொண்டு இல்லாததை வரையறுத்தால், திறவுகோலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியவன் கதையாய் முடியும். ஆகையால் அதே கருத்தைக் கூட்டலை மட்டும் கொண்டு சொல்ல வேண்டும். ஒன்றன் வரவோடு மற்றதன் பற்றைக் கூட்டினால் வருவதும், ஒன்றன் பற்றோடு மற்றதன் வரவைக் கூட்டினால் வருவதும் சமமாயின் இரு ஜோடிகளும் சமானம் என்போம். அஃதாவது,

(அ, ஆ) ~ (இ, ஈ) என்பதன் பொருள்: அ + ஈ = ஆ + இ.

மேற்கூறிய (2, 5), (7, 10) என்னும் ஜோடிகளில் 2 + 10 = 12; 5 + 7 = 12. ஆதலின் அவை சமானம். கழித்தலின் நிழல்கூட இதில் விழவில்லை.

ஜோடிகளைச் சமானம் பார்த்துக் கூட்டங்கூட்டமாகப் பிரிப்பதே நமது நோக்கம். அப்பிரிவு ஒழுங்காக அமைய வேண்டுமாயின், ஒவ்வொரு ஜோடியும் தனக்குத்தானே சமானமாக வேண்டும். முதலது இரண்டாவதற்குச் சமானமாயின் இரண்டாவதும் முதலதற்குச் சமானமாக வேண்டும். இவ்விரண்டும் வரையறையைப் பார்த்த அளவிலேயே விளங்கும். மூன்றாவதாக, முதலது இரண்டாவதற்கும், இரண்டாவது மூன்றாவதற்கும் சமானமாயின், முதலது மூன்றாவதற்கும் சமானமாக வேண்டும். இது மட்டும் பார்த்த அளவில் விளங்காது. இது பொய்க்குமாயின் ஒரே ஜோடி இரண்டு கூட்டங்களில் கால் வைத்து நிற்கும், பிரிவே குலைந்துபோம்.

(அ, ஆ) ~ (இ, ஈ), (இ, ஈ) ~ (உ, ஊ) என்று கொள்க. அப்பொழுது அ + ஈ = ஆ + இ; இ + ஊ = ஈ + உ. இவ்விரண்டையும் பக்கத்தோடு பக்கம் கூட்டினால்,

அ + ஈ + இ + ஊ = ஆ + இ + ஈ + உ.

இருபுறமும் இ + ஈ என்னும் தொகை நிற்கிறது. அதனை இருபுறத்தினின்றும் நீக்க, அ + ஊ = ஆ + உ என்று முடியும். இதுவே நாம் வேண்டியது.

"நீக்க" என்று ஒரு சொல்லில் கூறிவிட்டோம். இதுவும் கழித்தல்தானே, இதனை எங்ஙனம் செய்யலாம் என்று கூர்மையுள்ள வாசகர் தடுக்கலாம், தடுக்கவும் வேண்டும். இங்கு நாம் கையாண்டது கழித்தலன்று. இரண்டு எண்களோடு ஒரே எண்ணைக் கூட்டியபின் தொகைகள் சமமாயின், கூட்டுவதற்கு முன்னும் அவ்வெண்கள் சமமே என்னும் விதியாகும் அது. இதனை நீக்கல் விதி என்போம். இயல் எண்களுக்கு 1889-ஆம் ஆண்டில் பியானோ வகுத்த அடிப்படைகளில், அடுத்த எண்கள் சமமாயின் அவ்வெண்களும் சமம் என்பது ஒன்று. அதனையே மீண்டும் மீண்டும் பிரயோகித்து, ஒன்றொன்றாகக் கீழிறங்கி, நீக்கல் விதியை நிரூபித்துவிடலாம். இவ்விதியை வாசகர் மறவாதிருக்க வேண்டும். இக்கட்டுரையின் இறுதியில் இது மீண்டும் நம்மை எதிர்ப்படும்.

ஆகவே ஜோடிகள் யாவும் தனித்தனி வகுப்புகளாகப் பிரிந்துவிட்டன. ஒவ்வொரு ஜோடியும் ஒரே ஒரு வகுப்பில் இருக்கும். (0, 3), (1, 4), (2, 5), (7, 10) என்பன முதலாக முடிவின்றித் தொடரும் ஜோடிகள் யாவும் ஒரு வகுப்பு. (0, 0), (1, 1), (2, 2) முதலியன மற்றொன்று. இவ்வகுப்பு ஒவ்வொன்றையும் ஒரு முழுவெண் என்று அழைப்போம். (2, 5) அடங்கிய வகுப்பை [2, 5] என்று எழுதுவோம். (7, 10) அதே வகுப்பில் இருப்பதனால் [7, 10] என்றாலும் அதுவே. இயல் எண் 3 என்பது [3, 0] என்னும் வகுப்பாக இப்புதிய உலகிலும் குடியேறிவிடும். "குறை மூன்று" என்பது [0, 3]. அது வெறுங்கோடன்று, இன்னவென்று சுட்டிக்காட்டத்தக்க ஜோடிகளின் தொகுதியேயாம். மஸரீஸ் கேட்ட பொருள் இதோ இருக்கிறது.

இத்துணைப் பாடு எதற்கு, 1, 2, 3 என்பவற்றின் முன்னே குறியிட்டு இன்னொரு வரிசை எண்களைச் செய்துகொண்டால் போதாதா என்று வினவுவார் உளர். போதும், பொருளளவில் அதில் பிழை ஒன்றுமில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பக்கமேனும் 0 ஆக உள்ள ஜோடி ஒன்றே ஒன்று இருப்பதனால், இரண்டு முறையும் முடிவில் ஒன்றே. ஆனால் குறியிட்ட எண்களைக் கூட்டுவதற்கு விதி எழுதப் புகுந்தால், இரண்டும் நிறையாயின் இப்படி, இரண்டும் குறையாயின் இப்படி, ஒன்று நிறையும் மற்றது குறையுமாயின் எது பெரிதென்று பார்த்து அதற்கேற்ப இப்படி என்று பிரித்துப் பிரித்துச் சொல்ல வேண்டும். மூன்று எண்களை எவ்வரிசையில் சேர்த்துக் கூட்டினும் தொகை ஒன்றே என்பதை நிரூபிக்க வேண்டின், அப்பிரிவுகள் பெருகிப் பக்கக்கணக்காய் நீளும். ஜோடிகளைக் கொண்டாலோ, வரவோடு வரவு, பற்றோடு பற்று:

[அ, ஆ] + [இ, ஈ] = [அ + இ, ஆ + ஈ].

ஒரே விதி, பிரிவுகள் இல்லை. இயல் எண்களின் கூட்டலில் உள்ள நற்குணங்கள் யாவும் இதில் தாமே வந்து அமைந்துவிடும். வகுப்புகளைக் கட்டும் தொல்லையை முதலிலேயே பட்டுவிட்டால் பின்னர் எல்லாம் எளிது என்பது எம்முடைய துணிபு.

இனிக் கழித்தலுக்கு வருவோம். மீண்டும் கணக்கரிடமே கேட்போம். ஒரு வாடிக்கைக்காரர் பக்கத்தில் வரவு 12, பற்று 9 என்று இருக்கிறது. இதில் வரவு 4, பற்று 2 என்பன வேறொருவருக்கு உரியவை. தவறாக இப்பக்கத்தில் ஏறிவிட்டன. அவற்றை எடுத்துவிட வேண்டும். கணக்கர் யாது செய்வார்? நல்ல கணக்கர் எழுதியதை அடிப்பதும் இல்லை, சுரண்டுவதும் இல்லை. எதிர்ப்பதிவு செய்வார். தவறாக வரவு வைத்த 4-ஐப் பற்றுப் பக்கத்திலும், தவறாகப் பற்று எழுதிய 2-ஐ வரவுப் பக்கத்திலும் எழுதுவார். இப்பொழுது வரவு 14, பற்று 13. உண்மையில் இருந்திருக்க வேண்டியது வரவு 8, பற்று 7. 14 + 7 = 21; 13 + 8 = 21. புள்ளிகள் வேறாயினும் நிலைமை ஒன்றே. எடுக்க வேண்டியதை எடுத்தாயிற்று. ஆனால் பேரேட்டில் நடந்ததெல்லாம் கூட்டலே. வெனிஸ் நகரத்தில் 1494-ஆம் ஆண்டில் லூக்கா பசியோலி அச்சிட்ட கணித நூலில் இரட்டைப் பதிவுக் கணக்குமுறை விளக்கப்பட்டுள்ளது. அக்கணக்குமுறையும் கணிதர் முழுவெண்களை ஜோடிகளாற் கட்டும் முறையும் ஒன்றே என்பதை டேவிட் எல்லர்மன் என்பார் 1985-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையில் எடுத்துக் காட்டினார். இரு கூட்டத்தாரும் இவ்வளவு காலம் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே வேலையைச் செய்து வந்தனர் போலும்.

எனவே கழித்தல் விதி இது:

[அ, ஆ] − [இ, ஈ] = [அ + ஈ, ஆ + இ].

கழிக்கப்படும் எண்ணின் வரவையும் பற்றையும் இடம் மாற்றிக் கூட்டுக என்பதே இதன் பொருள். விதி கிடைத்துவிட்டது; வேலை முடிந்ததா? முடியவில்லை. உண்மையான ஆபத்து இங்கேதான் பதுங்கியிருக்கிறது.

முழுவெண் என்பது ஒரு வகுப்பு. அதிலே கணக்கற்ற ஜோடிகள் இருக்கின்றன. நம் விதியோ, ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் ஒரு ஜோடியைப் பிரதிநிதியாக எடுத்து, அதன் புள்ளிகளைக் கொண்டு விடை காண்கிறது. வேறொருவர் அதே வகுப்பிலிருந்து வேறு பிரதிநிதியை எடுத்தால் விடையும் வேறாகுமோ? அப்படியாயின் "குறை மூன்றிலிருந்து இரண்டைக் கழித்தால்" என்னும் வினாவிற்கு விடை, கேட்பவரைப் பொறுத்தன்றி எழுதுபவரைப் பொறுத்து மாறும். அத்தகையது விதியாகாது. எந்தப் பிரதிநிதியை எடுத்தாலும் விடை ஒரே வகுப்பில் விழுமாயின், அவ்விதி நன்கு வரையறுக்கப்பட்டது எனப்படும்.

இவ்வாபத்து கற்பனையன்று. பின்னங்களிலே இதனை யாவரும் கண்டிருப்பர். பின்னங்களைக் கூட்டுவதற்கு மேலெண்ணோடு மேலெண்ணையும் கீழெண்ணோடு கீழெண்ணையும் கூட்டுக என்று ஒரு பிள்ளை விதி செய்துகொள்கிறது. 1/2-ஓடு 1/3-ஐச் சேர்த்தால் அதன் விதிப்படி 2/5. ஆனால் 1/2 என்பதும் 2/4 என்பதும் ஒன்றே. 2/4-ஓடு 1/3-ஐச் சேர்த்தால் 3/7. இவ்விரண்டும் சமமல்ல. விடை தவறு என்பது மட்டுமன்று. அவ்விதிக்கு விடை என்று ஒன்றே இல்லை. நமது ஜோடிகளிலும் இதைப் போன்ற பொய் விதிகள் உண்டு. பெருக்கலுக்கு, வரவை வரவாலும் பற்றைப் பற்றாலும் பெருக்குக என்று ஒருவர் சொன்னால் கேட்பதற்கு எவ்வளவு இயல்பாக இருக்கிறது! (2, 5)-ஐ (4, 2)-ஆல் பெருக்கினால் (8, 10). அதே வகுப்புகளிலிருந்து (7, 10), (9, 7) என்பவற்றை எடுத்துப் பெருக்கினால் (63, 70). இவை சமானமா? 8 + 70 = 78; 10 + 63 = 73. அல்ல. முதல் விடை குறை இரண்டு, மற்றது குறை ஏழு. உண்மையான விடை குறை ஆறு என்பதை விதி தொடவேயில்லை. ஆகவே ஒரு விதி இயல்பாகத் தோன்றுவதும், கணக்கர் வழக்கத்தோடு ஒத்திருப்பதும், அது நன்கு வரையறுக்கப்பட்டது என்பதற்குச் சாட்சியாகா.

நமது கழித்தல் விதியை அதே ஜோடிகளைக் கொண்டு சோதிப்போம். (2, 5)-லிருந்து (4, 2)-ஐக் கழித்தால் (2 + 2, 5 + 4), அஃதாவது (4, 9). மற்றப் பிரதிநிதிகளைக் கொண்டால், (7, 10)-லிருந்து (9, 7)-ஐக் கழிக்க (7 + 7, 10 + 9), அஃதாவது (14, 19). சமானம் பார்க்க: 4 + 19 = 23; 9 + 14 = 23. ஒரே வகுப்பு, இரண்டும் குறை ஐந்தே. நன்று. ஆயினும் ஓர் உதாரணம் பொய் விதியைக் கொல்ல வல்லதேயன்றி மெய் விதியை நிலைநாட்ட வல்லதன்று. பிரதிநிதிகள் முடிவற்றவை, ஒவ்வொன்றாய்ச் சோதித்துத் தீராது. பொது நிரூபணம் வேண்டும்.

(அ, ஆ) ~ (உ, ஊ) என்றும், (இ, ஈ) ~ (எ, ஏ) என்றும் கொள்க. அஃதாவது,

அ + ஊ = ஆ + உ,
இ + ஏ = ஈ + எ.

முதற் பிரதிநிதிகளைக் கொண்டு கழித்தால் கிடைப்பது (அ + ஈ, ஆ + இ). மற்றவற்றைக் கொண்டு கழித்தால் கிடைப்பது (உ + ஏ, ஊ + எ). இவ்விரண்டும் சமானம் என்று காட்ட வேண்டும். சமானத்தின் பொருளை எழுதிப் பார்ப்போம். நாம் காட்ட வேண்டியது,

(அ + ஈ) + (ஊ + எ) = (ஆ + இ) + (உ + ஏ)

என்பதே. இடப்பக்கத்தில் உள்ள நான்கு எழுத்துக்களையும் இடம் மாற்றி, அ-வோடு ஊ-வையும், ஈ-யோடு எ-யையும் சேர்ப்போம். வலப்பக்கத்தில் ஆ-வோடு உ-வையும், இ-யோடு ஏ-யையும் சேர்ப்போம். அப்பொழுது இடப்பக்கம் (அ + ஊ) + (ஈ + எ). வலப்பக்கம் (ஆ + உ) + (இ + ஏ). முதலடைப்புகள் இரண்டும் நம் முதற் சமன்பாட்டினால் சமம். இரண்டாமடைப்புகள் இரண்டும் இரண்டாஞ் சமன்பாட்டினால் சமம். ஆகவே தொகைகளும் சமம். நிரூபணம் முடிந்தது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. இரண்டாஞ் சமன்பாட்டை நாம் எழுதியபடியே பயன்படுத்தவில்லை; இடவலம் மாற்றி, ஈ + எ = இ + ஏ என்று பயன்படுத்தினோம். மாற்றாமல் அப்படியே கூட்டினால் கிடைப்பது கூட்டல் விதி நன்கு வரையறுக்கப்பட்டது என்பதன் நிரூபணம். கணக்கர் ஜோடியில் வரவையும் பற்றையும் இடம் மாற்றியது போலவே, நிரூபணத்திலும் சமன்பாட்டின் இரு பக்கங்களையும் இடம் மாற்றினோம், வேறொன்றும் செய்யவில்லை. தேர்வுத்தாள்களில் இவ்விடத்தில் காணப்படும் பெருங்குற்றம், "அ − ஆ = உ − ஊ ஆதலின்" என்று தொடங்குவது. முடிவு சரியாகவே வந்துவிடும். ஆனால் அது நிரூபணமன்று. முன்பே கூறியபடி, அக்கழித்தற்குறிக்கு இன்னும் பொருள் கிடையாது. மற்றொரு குற்றம், காட்ட வேண்டியதை முதல்வரியில் எழுதி, அதனைக் கொண்டே கொடுத்ததை வருவித்தல். வந்த வழியே திரும்பிச் செல்லலாமா என்று பார்த்த பிறகே அதனை ஏற்க முடியும்.

இன்னும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. விதி நன்கு வரையறுக்கப்பட்டது, சரி. ஆனால் அதற்குக் கழித்தல் என்னும் பெயர் தகுமா? ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தல் என்றால், மற்றொன்றோடு எதனைக் கூட்டினால் முன்னது வரும் என்று காண்பதேயன்றோ? [இ, ஈ]-யோடு [உ, ஊ]-வைக் கூட்டினால் [அ, ஆ] வரவேண்டும் என்று கொள்வோம். கூட்டினால் வருவது [இ + உ, ஈ + ஊ]. இது [அ, ஆ] ஆகவேண்டுமாயின்,

இ + உ + ஆ = ஈ + ஊ + அ

ஆகவேண்டும். இதனையே வேறு விதமாகச் சேர்த்துப் படித்துப் பாருங்கள்: உ + (ஆ + இ) = ஊ + (அ + ஈ). இது யாதெனின், (உ, ஊ) ~ (அ + ஈ, ஆ + இ) என்பதன் பொருளேயாம்! அதாவது, விடை உண்டு; அது நம் விதி தந்த வகுப்பு; அதைத் தவிர வேறு விடை கிடையாது. இம்மூன்றும் ஒரே வரியில் கிடைத்துவிட்டன. எதிர்ப்பதிவு கணக்கர்கள் வசதிக்காகக் கண்டுபிடித்த ஒரு தந்திரம் என்று எண்ணியிருந்தோமாயின், அவ்வெண்ணத்தை விடல் வேண்டும். வேறு விதி இருக்க இடமே இல்லை. குறை மூன்றிலிருந்து இரண்டைக் கழித்தது சரியா என்று பார்க்க விரும்புவோர், (4, 2)-ஓடு (4, 9)-ஐக் கூட்டி (8, 11) என்று பெற்று, அது (2, 5)-க்குச் சமானம் என்று கண்டுகொள்ளலாம்.

வரவிலிருந்து வரவையும் பற்றிலிருந்து பற்றையும் நேரே கழித்தால் என்ன என்று கேட்பவர்க்கு ஒரு சொல். இயலும்போது அதுவும் சரியே. (7, 10)-லிருந்து (4, 2)-ஐ அவ்வாறு கழித்தால் (3, 8). இது (4, 9)-க்குச் சமானம். ஆனால் அதே வகுப்பின் (2, 5)-லிருந்து தொடங்கினால் இரண்டில் நான்கு கழியாது. சில பிரதிநிதிகளுக்கு நடந்து, சிலவற்றிற்கு நின்றுபோகும் விதி அது. கணக்கரின் எதிர்ப்பதிவோ எக்காலத்தும் நின்றுபோவதில்லை. கூட்டல் ஒருபோதும் மறுக்கப்படாதன்றோ?

நீக்கல் விதி மீண்டும் எதிர்ப்படும் என்று முன்னே சொன்னோம். இயல் எண்களோடு, எதைக் கூட்டினாலும் தானாகவே நிற்கும் ∞ என்னும் ஓர் எண்ணையும் சேர்த்துக்கொண்டு, இதே முறையில் ஜோடிகளைக் கட்டப் பார்ப்போம். (1, 0)-உம் (∞, ∞)-உம் சமானமா? 1 + ∞ = ∞; 0 + ∞ = ∞. ஆம். (∞, ∞)-உம் (0, 0)-உம் சமானமா? அவ்வாறே ஆம். (1, 0)-உம் (0, 0)-உம்? 1 + 0 என்பது 1. 0 + 0 என்பது 0. அல்ல! முதலதும் இரண்டாவதும் சமானம், இரண்டாவதும் மூன்றாவதும் சமானம், முதலதும் மூன்றாவதும் சமானமல்ல. வகுப்புகள் உடைந்துபோயின. ∞-ஐக் கூட்டினால் 1-உம் 0-உம் ஒரே தொகை தருதலின், நீக்கல் விதி இங்கே இறந்துபட்டது. அதன் மேல் நின்ற கட்டடமும் விழுந்தது.

1957-ஆம் ஆண்டை ஒட்டி அலெக்ஸாண்டர் குரோதெண்டீக், ரீமான்–ரோக் தேற்றத்தை விரிக்கும் முயற்சியில், எண்களல்லாத வேறு பொருள்களைக் கூட்டவும் கழிக்கவும் வேண்டியவரானார். அப்பொருள்களினிடத்து நீக்கல் விதி எப்பொழுதும் நில்லாது. ஆகவே சமானத்தின் வரையறையை இத்தகைய இடங்களுக்கென்று சற்றுத் தளர்த்துகின்றனர்: அ + ஈ + க = ஆ + இ + க என்று ஆகும்படி ஏதேனும் ஒரு க இருந்தால் போதும் என்பது அது. நீக்கல் விதி உள்ள இடத்தில் க தானே நீங்கிவிடும். ஆதலின் நம் முழுவெண்களுக்கு இதனால் யாதொரு மாறுதலும் இல்லை. நீக்கல் விதி இல்லாத இடத்திலும் வகுப்புகள் இப்பொழுது உடையாமல் நிற்கும். கழித்தலும் நன்கு வரையறுக்கப்பட்டதாகவே இருக்கும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ∞ கலந்த நம் உதாரணத்தில் க என்பதற்கு ∞-ஐயே இட்டால், எந்த ஜோடியும் எந்த ஜோடிக்கும் சமானமாகிவிடுகிறது. உலகத்து ஜோடிகள் யாவும் ஒரே வகுப்பாய்ச் சுருங்கி, [1, 0]-உம் [0, 0]-உம் ஒன்றாய்விடுகின்றன. அங்கே மூன்றில் ஐந்து தடையின்றிக் கழியும்; விடை எப்பொழுதும் பூஜ்யம்.